வளைகோட்டுக்குக் கீழே இரண்டு பரப்புகள்: லாரிப் பட்டையும் சாலைத் தடுப்பும்

திருநெல்வேலியிலிருந்து நாங்குநேரி, வள்ளியூர் வழியாகத் தெற்கே போகும் நான்குவழிச் சாலையில் இரண்டு விதமான இரும்பு தினமும் அடி வாங்குகிறது. எம்-சாண்ட் ஏற்றிக்கொண்டு போகும் லாரியின் அடியில் அடுக்கடுக்காகக் கட்டியிருக்கும் ஸ்பிரிங் பட்டை ஒன்று. சாலையோரம் நெளிநெளியாக மடித்து, தூண்களில் போல்ட் போட்டு நிறுத்தியிருக்கும் தடுப்புத் தகடு இன்னொன்று.

இரண்டின் வேலையும் நேர் எதிர். பட்டை ஒவ்வொரு பள்ளத்திலும் வளைய வேண்டும். வளைந்தபோது வாங்கிய ஆற்றலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழைய வடிவத்துக்கு வந்துவிட வேண்டும். லட்சம் முறை வளைந்தாலும் அப்படித்தான். தடுப்பு அதே மாதிரி ஆற்றலைத் திருப்பிக் கொடுத்தால் ஆபத்து, மோதிய வண்டியைச் சாலை நடுவிலேயே வீசிவிடும். அது நசுங்கி, கோணி, வந்த ஆற்றலைத் தனக்குள்ளேயே செரித்துவிட வேண்டும். மறுநாள் அதைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டாலும் பரவாயில்லை.

ஆகவே இரண்டையும் ஒப்பிடும்போது “எது அதிக பாரம் தாங்கும்?” என்று கேட்டால் பாதி பதில்தான் கிடைக்கும். இங்கே இரும்புக்கு வந்து சேர்வது நிற்கும் பாரம் இல்லை, ஓடி வரும் ஆற்றல். ஒரு கன சென்டிமீட்டர் இரும்பு எவ்வளவு ஆற்றலை வாங்கித் திருப்பித் தரும், எவ்வளவு ஆற்றலை வாங்கிக்கொண்டு உடையாமல் இருக்கும் என்பவைதான் கேட்க வேண்டிய கேள்விகள். முதலாவதை ரெசிலியன்ஸ் என்றும் இரண்டாவதை டஃப்னெஸ் என்றும் பொறியியலில் சொல்கிறோம். சதுர மில்லிமீட்டருக்கு எவ்வளவு விசை, அதற்கு நீளத்தில் எத்தனை பங்கு நீட்சி என்று காட்டும் தகைவு–திரிபு வரைபடத்தில், கோட்டுக்குக் கீழே, இரண்டும் பரப்பளவாக ஒளிந்திருக்கின்றன.

அது எப்படிப் பரப்பளவாகிறது என்பதை ஒரு கம்பியை இழுத்தே பார்த்துவிடலாம்.

பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில், கம்பியை இழுத்து அறுத்துப் பார்க்க யுடிஎம் என்று ஒரு இயந்திரம் இருக்கும். 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள சாதாரண மைல்ட் ஸ்டீல் கம்பி ஒன்றை அதில் மாட்டுகிறோம். கம்பியின் நடுவில் 50 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு இரண்டு குறி போட்டுக்கொள்கிறோம். கம்பி நீள நீள அந்த இடைவெளி எவ்வளவு கூடுகிறது என்பதுதான் நமக்கு வேண்டும். கம்பியின் வெட்டுப்பரப்பு 78.5 சதுர மில்லிமீட்டர். இரண்டு குறிகளுக்கும் இடையில் உள்ள இரும்பின் கன அளவு ஏறக்குறைய 3.93 கன சென்டிமீட்டர், அதாவது ஒரு சின்னக் கோலிக்குண்டு அளவு.

இழுக்கத் தொடங்கினால் விசையும் நீட்சியும் ஒரே விகிதத்தில் ஏறுகின்றன. இந்திய தரக் குறியீட்டில் E250 என்று சொல்லும் வகை இரும்பாக இருந்தால் தகைவு சதுர மில்லிமீட்டருக்கு 250 நியூட்டனைத் தொடும் வரை இந்த நேர்கோடு போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அப்போது விசை 19,600 நியூட்டன், கிட்டத்தட்ட இரண்டு டன் எடை தொங்குவது போல. இவ்வளவு இழுத்தும் அந்த 50 மில்லிமீட்டர் எவ்வளவு நீண்டிருக்கும்? 0.0625 மில்லிமீட்டர்தான். தலைமுடியின் தடிமன் அளவு.

இந்த இடத்தில் ஈல்டு ஆகிறது, அதாவது இதைத் தாண்டினால் இழுவையை விட்டாலும் கம்பி பழைய நீளத்துக்குத் திரும்பாது. அதற்கு மேல் கம்பி இளகிக்கொண்டு நீள்கிறது, பின்னர் கொஞ்சம் கொஞ்சமாக இறுகி 410 வரை ஏறுகிறது, ஓரிடத்தில் கழுத்து மாதிரி ஒடுங்குகிறது, கடைசியில் டப்பென்று அறுகிறது. இரண்டு துண்டையும் சேர்த்து வைத்து அளந்தால் 50 என்பது 61.5 மில்லிமீட்டர் ஆகியிருக்கிறது. 23 சதவீத நீட்சி. இந்த வகைக்குத் தரக் குறியீடு கேட்கும் குறைந்தபட்சமும் அதுதான்.

இப்போது செய்த வேலையைக் கணக்கிடுவோம். விசை × நகர்ந்த தூரம் = வேலை என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஈல்டு வரை விசை பூஜ்யத்திலிருந்து 19,600 வரை சீராக ஏறியது, ஆகவே சராசரி அதில் பாதி. அதை 0.0625 மில்லிமீட்டரால் பெருக்கினால் 613 நியூட்டன்-மில்லிமீட்டர், அதாவது 0.61 ஜூல். இதை 3.93 கன சென்டிமீட்டரால் வகுத்தால் கன சென்டிமீட்டருக்கு 0.156 ஜூல்.

நாம் செய்ததைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். வேலையைக் கன அளவால் வகுத்தோம். கன அளவு என்பது வெட்டுப்பரப்பு × நீளம். விசையை வெட்டுப்பரப்பால் வகுத்தால் தகைவு; நீட்சியை நீளத்தால் வகுத்தால் திரிபு. ஆகவே விசை × நீட்சி என்ற வேலை, கன அளவால் வகுத்தவுடன் தகைவு × திரிபு ஆகிவிடுகிறது. வரைபடத்தில் தகைவு செங்குத்து அச்சில், திரிபு கிடை அச்சில் இருப்பதால் இந்தப் பெருக்கல் கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பாக வந்து நிற்கிறது. அலகும் தானாகச் சரியாகிவிடும்: சதுர மில்லிமீட்டருக்கு ஒரு நியூட்டன், அதாவது ஒரு மெகாபாஸ்கல் என்பதும் கன சென்டிமீட்டருக்கு ஒரு ஜூல் என்பதும் ஒரே அளவு.

நேர்கோட்டுப் பகுதிக்குக் கீழே இருப்பது ஒரு முக்கோணம். அதன் உயரம் ஈல்டு தகைவு `σy`. அடிப்பக்கம் `σy/E`. `E` என்பது யங் குணகம், அதாவது அந்த நேர்கோட்டின் சாய்வு; எஃகுக்கு ஏறக்குறைய 2,00,000 மெகாபாஸ்கல். அரைப் பங்கு அடி × உயரம் போட்டால் வருவதுதான் மாடுலஸ் ஆஃப் ரெசிலியன்ஸ்:

`u = σy² / 2E`

250-ஐ வர்க்கமாக்கி 4,00,000-ஆல் வகுத்தால் அதே 0.156 வந்துவிடும்.

கம்பி அறும் வரை உள்ள முழுப் பரப்பு மாடுலஸ் ஆஃப் டஃப்னெஸ். இதற்கு இவ்வளவு அழகான சூத்திரம் கிடையாது, வளைகோடு எப்படிப் போகிறதோ அப்படித்தான் அளக்க வேண்டும். இருந்தாலும் மைல்ட் ஸ்டீல் போன்றவற்றுக்கு ஈல்டு தகைவுக்கும் உச்சத் தகைவுக்கும் சராசரி எடுத்து, அறும்போது இருந்த திரிபால் பெருக்கினால் ஓரளவு கிட்டத்தில் வந்துவிடலாம். (250 + 410) / 2 = 330; 330 × 0.23 = 76. கன சென்டிமீட்டருக்கு 76 ஜூல். நம் கோலிக்குண்டு அளவு இரும்பு முழுக்க அறுவதற்குள் சுமார் 300 ஜூல் வாங்கியிருக்கிறது. ஈல்டு வரை வாங்கியது 0.6 ஜூல்!

கிட்டத்தட்ட ஐந்நூறு மடங்கு வித்தியாசம். இதைப் பாடப்புத்தகப் படங்கள் மறைத்துவிடுகின்றன. முக்கோணம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகப் படத்தில் அதை அகலமாக வரைந்திருப்பார்கள். உண்மையான அளவில் வரைந்தால் மைல்ட் ஸ்டீலின் முக்கோணம் செங்குத்து அச்சோடு ஒட்டிய ஒரு பென்சில் கோடு மாதிரிதான் இருக்கும்.

ஈல்டைத் தாண்டிய பிறகு போன ஆற்றல் எங்கே போனது என்று தெரிய வேண்டுமானால் அறுந்த கம்பியின் கழுத்தை உடனே தொட்டுப் பார்க்கலாம். சூடாக இருக்கும். உள்ளே போன வேலையில் பெரும்பகுதி வெப்பமாகிவிட்டது. பாதி வழியில், கம்பி நன்றாக நீண்டுகொண்டிருக்கும்போதே, விசையை இறக்கினால் கோடு வந்த வழியே திரும்பாது. முதல் நேர்கோட்டுக்கு இணையாகச் சரிந்து இறங்கும். அந்தச் சரிவுக்குக் கீழே உள்ள மெலிந்த முக்கோணம் மட்டும் திரும்பக் கிடைக்கும். மீதி போனது போனதுதான்.

சரி, இனி லாரிக்கு வருவோம்.

ஸ்பிரிங் பட்டை எஃகு குரோமியம், சிலிக்கான் போன்றவை கலந்து, காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, மறுபடி மிதமான சூட்டில் பதப்படுத்தியது. அதற்கு ஈல்டு 1,200, உச்சம் 1,400 மெகாபாஸ்கல், நீட்சி 6 சதவீதம் என்று எடுத்துக்கொள்வது நியாயமான கணக்கு. ரெசிலியன்ஸ் போட்டுப் பார்த்தால் 1,200² / 4,00,000 = 3.6 ஜூல். மைல்ட் ஸ்டீலைப்போல 23 மடங்கு. ஈல்டு ஐந்து மடங்குகூட ஏறவில்லை, ஆனால் அது வர்க்கமாகப் போவதால் இந்தப் பாய்ச்சல். யங் குணகம் இரண்டுக்கும் ஒன்றுதான் என்பதையும் கவனிக்க வேண்டும். “ஸ்பிரிங் ஸ்டீல் சாதாரண இரும்பைவிட வளைந்துகொடுக்கும்” என்று பலர் நினைப்பது தவறு. ஒரே பாரத்துக்கு, ஒரே அளவில், இரண்டும் ஒரே அளவுதான் வளையும். ஸ்பிரிங் ஸ்டீல் அதற்கு மேலும் வளைந்து, மேலும் வளைந்து, பிறகும் திரும்பி வரும். அவ்வளவுதான் வித்தியாசம்.

இதை ஒரு பட்டைக்கட்டில் வைத்துப் பார்க்கலாம். பின் அச்சில் ஒரு பக்கத்துப் பட்டைக்கட்டின் எடை 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அது ஏறக்குறைய 7,640 கன சென்டிமீட்டர் எஃகு. அந்தப் பக்கத்தில் 4 டன் பாரம் உட்காரும்போது பட்டை 100 மில்லிமீட்டர் கீழே இறங்குகிறது என்போம். அப்படியானால் வண்டி சும்மா நிற்கும்போதே பட்டைக்குள் இருக்கும் ஆற்றல் 40,000 நியூட்டனில் பாதி × 0.1 மீட்டர் = 2,000 ஜூல்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. 7,640-ஐ 3.6-ஆல் நேராகப் பெருக்கிவிடக் கூடாது. இழுக்கும் கம்பியில் எல்லா இடத்திலும் ஒரே தகைவு. வளையும் பட்டையில் அப்படி இல்லை. மேல்முகமும் கீழ்முகமும்தான் முழுத் தகைவை வாங்குகின்றன, நடுவில் உள்ள இரும்பு சும்மா கூட வருகிறது. ஆற்றல் தகைவின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், நீளம் முழுக்க மேற்பரப்புத் தகைவு சமமாக இருந்தாலும் சராசரி ஆற்றல் முழு அளவில் மூன்றில் ஒரு பங்குதான். நீளத்திலும் தகைவு சமமாக இல்லாமல், ஒரு முனையைச் சுவரில் பதித்து மறுமுனையில் பாரம் தொங்கும் ஒரே கனமான பட்டையாக இருந்தால் ஒன்பதில் ஒரு பங்கு. லாரிப் பட்டைகளைக் கீழே குட்டையாகவும் மேலே போகப்போக நீளமாகவும் அடுக்குவது இதற்காகத்தான். நடுவில், வளைப்பு அதிகமாக இருக்கும் இடத்தில், கனம் கூடுகிறது; முனைகளில் குறைகிறது; தகைவு நீளம் நெடுகச் சமமாகிறது. ஒன்பதில் ஒரு பங்கு மூன்றில் ஒரு பங்காக உயர்கிறது. அந்த அடுக்கு வடிவமே இரும்பை வீணாக்காமல் ரெசிலியன்ஸைக் கறக்கும் வழி.

ஆகவே நம் பட்டைக்கட்டு நிரந்தரமாக வளையாமல் தாங்கக்கூடிய ஆற்றல் 7,640 × 3.6 / 3, ஏறக்குறைய 9,200 ஜூல். நிற்கும்போது 2,000 செலவாகிவிட்டது. மீதி பள்ளத்துக்கும் மேட்டுக்கும். இறக்கக் கணக்கில் சொன்னால் 100 மில்லிமீட்டர் ஏற்கெனவே இறங்கியிருக்கிறது, இன்னும் ஒரு 114 மில்லிமீட்டர் இறங்கினால்தான் ஈல்டு. அதற்கு முன்பே ரப்பர் தடுப்புக் கட்டையில் அச்சு போய் இடித்துவிடும்.

இதே பட்டைக்கட்டை மைல்ட் ஸ்டீலில், அதே அளவில், செய்தால்? 7,640 × 0.156 / 3 = 400 ஜூல். நிற்பதற்கே 2,000 ஜூல் வேண்டும். லாரி கிளம்பவே வேண்டாம், மணலைக் கொட்டும்போதே பாதிப் பாரம் ஏறும் முன்பு பட்டை ஈல்டு ஆகிவிடும், இறக்கிய பிறகு நிமிராது.

நல்ல ஸ்பிரிங் ஸ்டீல் பட்டையும் காலப்போக்கில் நிமிராமல் போவதுண்டு. ஸ்பிரிங் பட்டறைக்கு வரும் டிரைவர் “அண்ணாச்சி, இந்தப் பக்கம் பட்டை உக்காந்துட்டு” என்றுதான் சொல்வார். அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிப் பள்ளத்தில் விட்டதில் மேல்முகமும் கீழ்முகமும் கொஞ்சம் ஈல்டு ஆகிவிட்டன என்பதே பெரும்பாலும் அதன் பொருள். பட்டறையில் வளைவை மறுபடி அடித்து நிமிர்த்தித் தருவார்கள். பதம் கெடாமல் இருந்தால் ரெசிலியன்ஸ் குறைந்திருக்காது. வடிவம்தான் கெட்டிருக்கும். வெல்டிங் காட்டினாலோ, அடுப்பில் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டாலோ கதை வேறு. அந்த இடத்தில் ஈல்டு விழுந்துவிடும், அதன் வர்க்கத்தில் ரெசிலியன்ஸும் விழும். ஈல்டு பாதியானால் ரெசிலியன்ஸ் கால்வாசி.

தடுப்புத் தகட்டுக்குப் போவோம். ஸ்பிரிங் ஸ்டீலின் டஃப்னெஸ் எவ்வளவு? (1,200 + 1,400) / 2 × 0.06 = 78. மைல்ட் ஸ்டீலுக்கு 76. தோராயக் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். ஒன்று உயரமான குறுகிய பரப்பு, மற்றது தாழ்ந்த அகலமான பரப்பு. விலையிலோ மைல்ட் ஸ்டீல்தான் மலிவு. ரெசிலியன்ஸில் 23 மடங்கு ஜெயித்த உலோகம், ஆற்றலைச் செரிக்கும் வேலையில் சாதாரண இரும்போடு சமநிலையில் நிற்கிறது. தடுப்புக்கு மைல்ட் ஸ்டீல் போடும்போது சிக்கனத்துக்காக எதையும் விட்டுக்கொடுக்கவில்லை என்பது இதிலிருந்தே தெரியும்.

10 டன் லாரி ஒன்று மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், சாலைக்கு 20 டிகிரி சாய்வாக வந்து தடுப்பில் உரசுகிறது. மொத்த இயக்க ஆற்றல் ஏறக்குறைய 14 லட்சம் ஜூல். அதில் தடுப்பை நோக்கிச் செங்குத்தாகப் போகும் பங்கு மட்டும் தடுப்பின் தலையில் விழுகிறது. 20 டிகிரிக்கு அது 12 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு, சுமார் 1,62,000 ஜூல்.

இதை மைல்ட் ஸ்டீல் மீளும் பகுதியிலேயே தாங்க வேண்டும், ஒரு நசுங்கலும் கூடாது என்று யாராவது அடம்பிடித்தால் 1,62,000 / 0.156, அதாவது ஒரு கன மீட்டருக்கும் சற்று மேல் இரும்பு, முழுவதும் ஒரே சீராகத் தகைவு வாங்கியபடி தேவை. எடை 8 டன். முழு டஃப்னெஸையும் பயன்படுத்த முடிந்தால் 1,62,000 / 76 போட்டு 17 கிலோ போதும்! உண்மையில் 17 கிலோ போதாது. தகடு எல்லா இடத்திலும் அறும் வரை நீள்வதில்லை, மோதிய இடத்தைச் சுற்றித்தான் மடிகிறது. ஆற்றலில் ஒரு பகுதி தூண்கள் சாய்வதிலும், மண் இளகுவதிலும், லாரியின் பம்பரிலும் போகிறது. ஆனால் 8 டன்னுக்கும் 17 கிலோவுக்கும் இடையில் உள்ள அந்தப் பெரிய வெளியில்தான் மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு தகடு லாரியை நிறுத்துவது சாத்தியமாகிறது.

இந்த இரண்டு பரப்பும் ஒரே இரும்புத் துண்டில் எப்படி மாறும் என்று பார்க்க, கொல்லுப்பட்டறையைவிட நல்ல இடம் கிடையாது. உடைந்த லாரிப் பட்டையை வாங்கி அரிவாள் அடிப்பது நம் பக்கம் வழக்கம். உலையில் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்து, மெல்ல ஆறவிட்ட நிலையில் அந்தப் பட்டை இளகியிருக்கும். ஈல்டு குறைவு, நீட்சி அதிகம். வளைத்தால் வளைந்தபடியே நிற்கும். மறுபடி காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்ச்சல் கொடுத்தவுடன் தகைவுக் கோடு மிக உயரத்துக்கு ஏறுகிறது, ஆனால் கிடையாக நகர்வதற்குள் அறுந்துவிடுகிறது. முக்கோணம் பெரிதாகியும் அதற்கு அப்பால் பரப்பே இல்லை. கல்லில் பட்டால் வாய் தெறிக்கும். அதனால்தான் வாய்ப்பக்கம் மட்டும் தோய்த்து, முதுகை இளக்கமாக விட்டுவிடுகிறார்கள். தோய்த்ததையும் லேசான சூட்டில் கொஞ்சம் இளக்கிக்கொள்கிறார்கள். தேய்த்துப் பளபளப்பாக்கிய பரப்பில் வைக்கோல் நிறம், ஊதா, நீலம் என்று ஏறிவரும் நிறமே அவர்களுக்கு வெப்பமானி. கருவேல மரத்தில் கொத்தும்போது வாய் தன் கூர்மையைக் காக்கிறது, அதிர்ச்சியை முதுகு வாங்கிக்கொள்கிறது. ஒரே அரிவாளில் இரண்டு வளைகோடுகள்.

அப்புறம், இந்தப் பரப்புகளை அளக்கும்போது எங்கே சறுக்கும் என்று சொல்லியாக வேண்டும். ஆய்வகத்தில் இழுத்துப் பார்த்து ரெசிலியன்ஸ் கணக்கிடும் மாணவர்களுக்குப் பெரும்பாலும் விடை ஐந்து மடங்கு, பத்து மடங்கு கூடுதலாக வரும். காரணம், இயந்திரத்தின் தலை நகர்ந்த தூரத்தைக் கம்பியின் நீட்சி என்று எடுத்துக்கொள்வது. அந்தத் தூரத்தில் கம்பி நீண்டது கொஞ்சம். பிடிப்பான் பற்களில் கம்பி வழுக்கியது, இயந்திரச் சட்டமே நெகிழ்ந்தது எல்லாம் சேர்ந்து மிச்சம். நாம் பார்த்ததுபோல உண்மையான நீட்சி 0.06 மில்லிமீட்டர்தான். அரை மில்லிமீட்டர் வழுக்கினாலே கணக்கு போச்சு. இதைக் கண்டுபிடிப்பது எளிது: வரைபடத்தின் நேர்கோட்டுச் சாய்வைக் கணக்கிட்டுப் பாருங்கள். எஃகுக்கு 2,00,000 அருகில் வர வேண்டியது 20,000 அல்லது 30,000 என்று வந்தால் நீங்கள் அளந்தது கம்பியை அல்ல. குறிகளுக்கு இடையில் நேரடியாகப் பொருத்தும் எக்ஸ்டென்சோமீட்டர் வேண்டும். அது கையில் இல்லாவிட்டால் ஈல்டு தகைவை மட்டும் வரைபடத்திலிருந்து எடுத்து, `E`-க்கு 2,00,000 போட்டு, சூத்திரத்தில் கணக்கிடுவதே மேல். டஃப்னெஸில் இந்தப் பிழை அவ்வளவு கடிக்காது, 11.5 மில்லிமீட்டரில் அரை மில்லிமீட்டர் சின்ன விஷயம். அங்கே கடிப்பது வேறு: 23 சதவீதத்தை 0.23 என்று போடாமல் 23 என்றே பெருக்கிவிட்டால் விடை நூறு மடங்கு வரும். இன்னொன்றும் உண்டு. கழுத்து ஒடுங்கும் இடத்தில் நீட்சி குவிகிறது, ஆகவே 50 மில்லிமீட்டருக்குப் பதில் 100 மில்லிமீட்டர் குறி போட்டால் அதே கம்பிக்கு நீட்சி சதவீதம் குறைவாக வரும், டஃப்னெஸும் குறையும். இரண்டு கம்பிகளை ஒப்பிடும்போது குறி நீளம் விட்டத்தைப்போல எத்தனை மடங்கு என்பது இரண்டுக்கும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெரிய எல்லை ஒன்றும் உண்டு. இந்தப் பரப்பு, வழுவழுப்பான கம்பியை மெதுவாக இழுத்துக் கிடைத்தது. கீறல், வெட்டு, மோசமான வெல்டிங் இருக்கும் இரும்பில், வேகமான அடியில், குளிரில், அதே உலோகம் நீளாமலே பிளந்துவிடலாம். 1943 ஜனவரியில் அமெரிக்காவில் துறைமுகத்தில் சும்மா நின்றுகொண்டிருந்த ஸ்கெனெக்டடி என்ற புது எண்ணெய்க் கப்பல் ஏறக்குறைய இரண்டாகப் பிளந்தது. இழுவைச் சோதனையில் நீளக்கூடிய எஃகுதான் அது. அதனால்தான் கீறல் வெட்டிய துண்டை ஊசல் சுத்தியலால் ஒரே அடியில் உடைக்கும் சார்ப்பி சோதனை தனியாக இருக்கிறது. அதில் வரும் ஜூலும் இந்தப் பரப்பில் வரும் ஜூலும் ஒன்றல்ல, ஒன்றிலிருந்து மற்றதைக் கணக்கிட முடியாது. லாரிப் பட்டை நடு போல்ட் ஓட்டையில் உடைவதும் இந்தப் பரப்புகளுக்கு வெளியே நடக்கும் விஷயம். அது திரும்பத் திரும்ப வளைந்து களைத்ததால் வரும் விரிசல்.

கையில் கிடைக்கும் ஒரு காகிதத்தில் இதையெல்லாம் போட்டுப் பார்க்க விரும்பினால், வீடு கட்ட வாங்கும் முறுக்குக் கம்பியின் சோதனைச் சான்றிதழைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். அதில் ஈல்டு, உச்சத் தகைவு, நீட்சி சதவீதம் மூன்றும் இருக்கும். ஐஎஸ் 1786 தரப்படி Fe 500 கம்பிக்குக் குறைந்தபட்சம் 500, 545, 12 சதவீதம். Fe 500D கம்பிக்கு 500, 565, 16 சதவீதம். ரெசிலியன்ஸ் இரண்டுக்கும் ஒன்றே, 500² / 4,00,000 = 0.625 ஜூல். டஃப்னெஸ் முதலாவதற்கு 522.5 × 0.12, ஏறக்குறைய 63, இரண்டாவதற்கு 532.5 × 0.16, ஏறக்குறைய 85. சாதாரண நாளில் வீட்டின் பாரத்தை இரண்டு கம்பியும் ஒரே மாதிரிதான் தாங்கும். நிலநடுக்கத்தில் தூண் வளையும்போது மட்டும் அந்த D-க்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல் பரப்பு கையில் இருக்கும்.